மூன்று வயதில் தவறும் ஊசி: வன்னியின் தடுப்பூசிப் பதிவேடு சொல்வது

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களில் தாய் சேய் சிகிச்சை நிலையங்களோடு பல ஆண்டுகள் வேலை செய்தவன் என்ற வகையில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு. "எங்கட பிள்ளையளுக்கு ஊசி எல்லாம் ஒழுங்காய்த்தானே போடுகினம், பிறகேன் பிரச்சினை?" குழந்தைப் பருவத்து ஊசிகள் ஒழுங்காகத்தான் போகின்றன. கைவிட்டுப் போவது கடைசியில் வருபவை.

இலங்கையில் விரிவாக்கப்பட்ட தடுப்பூசித் திட்டம் 1978 இல் தொடங்கியது. பிறந்தவுடன் பி.சி.ஜி., 2, 4, 6 மாதங்களில் ஐங்கூட்டு ஊசியும் போலியோ சொட்டு மருந்தும், 9 மாதத்தில் எம்.எம்.ஆர்., 12 மாதத்தில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் ஊசி, 18 மாதத்தில் முக்கூட்டு ஊசி என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். அதன் பிறகு ஒன்றரை ஆண்டு இடைவெளி. 3 வயதில் எம்.எம்.ஆர். இரண்டாம் டோஸ். 5 வயதில் இருகூட்டு ஊசி பாடசாலை வயதோடு சேர்ந்து வருவதால் ஓரளவு பிடிபட்டுவிடும். நான் இங்கே எழுதுவது அந்த 3 வயது ஊசியைப் பற்றி.

பலரும் இதை மேலதிகமான ஒரு ஊசி என்று நினைக்கிறார்கள். அப்படியல்ல. சின்னமுத்துக்கு எதிராகத் தாயிடமிருந்து வந்த எதிர்ப்புப் பொருள் 9 மாதத்தில் சில குழந்தைகளின் உடலில் இன்னும் இருக்கும். அது ஊசியின் வேலையைக் கெடுத்துவிடும். அதனால் அந்த வயதில் போட்டால் 100 பிள்ளைகளில் ஏறத்தாழ 85 பேருக்கே பாதுகாப்பு உண்டாகும். மிகுதி 15 பேர் யார் என்று வெளியில் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. அட்டையில் எல்லோருக்கும் ஒரே அடையாளம்தான் இருக்கும். இரண்டாம் டோஸ் அந்த 15 பேருக்கான ஊசி. சின்னமுத்து பரவாமலிருக்க ஒரு ஊரில் 100 இல் 95 பேராவது எதிர்ப்புச் சக்தியோடு இருக்கவேண்டும். முதல் டோஸை ஒருவர் விடாமல் எல்லோருக்கும் போட்டாலும் அந்த அளவை எட்டமுடியாது. 2019 ஜூலையில் சின்னமுத்தை ஒழித்த நாடாக உலக சுகாதார ஸ்தாபனம் இலங்கையை அறிவித்தது. 2023 இல் நோய் மீண்டும் பரவியது.

இனிக் கணக்குக்கு வருவோம். இடைவிலகல் வீதம் என்பது தொடங்கிய பிள்ளைகளில் எத்தனை பேர் முடிக்கவில்லை என்பதே. வழக்கமாகப் பார்ப்பது ஐங்கூட்டு ஊசியின் முதலாம், மூன்றாம் டோஸ்களை. ஒரு குடும்பநல உத்தியோகத்தர் பிரிவில் ஒரே ஆண்டில் பிறந்த 100 பிள்ளைகளை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்ளுங்கள். ஐங்கூட்டு முதல் டோஸ் 98 பேர், மூன்றாவது 97 பேர். விலகல் 1 வீதம், எல்லோருக்கும் திருப்தி. எம்.எம்.ஆர். முதல் டோஸ் 96 பேர், இரண்டாவது 84 பேர் என்றால் அங்கே விலகல் 12.5 வீதம். முதற்கணக்கை மட்டும் பார்ப்பவருக்கு இது தெரியவே தெரியாது.

வன்னியில் இன்னொரு சிக்கலும் உண்டு. காலாண்டு அறிக்கையில் இந்த மூன்று மாதத்தில் எம்.எம்.ஆர். முதல் டோஸ் 50, இரண்டாம் டோஸ் 52 என்று வரும். விலகலே இல்லை, மிச்சம் இரண்டு பேர் கூட என்று தோன்றும். ஆனால் அந்த 52 பேர் மூன்று ஆண்டுக்கு முன் பிறந்தவர்கள். அவர்களில் சிலர் வேறு மாவட்டத்தில் பிறந்து இங்கே குடியேறியவர்கள். வந்தவர்களின் எண்ணிக்கை, வராதவர்களை மறைத்துவிடுகிறது. மீள்குடியேற்றம் நடந்த ஆண்டுகளில் 100 வீதத்துக்கு மேற்பட்ட எண்கள் வருவதற்கும் இதுவே காரணம். சரியான வழி பழைய வழிதான்: பிறப்பு மற்றும் தடுப்பூசிப் பதிவேட்டைத் திறந்து, மூன்றரை ஆண்டுக்கு முந்திய ஒரு மாதத்தை எடுத்து, ஒவ்வொரு பெயரின் வரியிலும் கடைசிக் கட்டம்வரை விரலை வைத்துப் பார்ப்பது. வெற்றுக் கட்டம் ஒவ்வொன்றும் போய்த் தட்டவேண்டிய ஒரு வீட்டுப் படலை.

அந்த வீடுகளில் கேட்கும் காரணங்கள் பெரும்பாலும் சாதாரணமானவை. தாய் ஆடைத் தொழிற்சாலை வேலைக்குத் திரும்பியிருப்பார், பிள்ளை அம்மம்மாவோடு. சிகிச்சை நிலையம் வார நாளில் காலையில்தான். நிறை பார்க்க மாதாமாதம் வந்த பழக்கம் இரண்டு வயதுக்குப் பிறகு மெல்ல விட்டுப்போகும். தகப்பனின் வேலைக்காகக் குடும்பம் யாழ்ப்பாணத்துக்கோ கொழும்புக்கோ போயிருக்கும், பெயர் இரண்டு பதிவேட்டிலும் இருக்கும், அல்லது இரண்டிலும் இராது. 18 மாத முக்கூட்டு ஊசிக்குப் பிறகு கால் வீங்கி இரவு முழுக்கக் காய்ச்சலில் அழுத பிள்ளையைச் சில தாய்மார் மறப்பதில்லை. எம்.எம்.ஆர். அப்படியான ஊசியல்ல. காய்ச்சல் வந்தாலும் பெரும்பாலும் ஒரு கிழமை கழித்துத்தான் வரும். இதைச் சொன்னால் பலர் வந்துவிடுவார்கள். சொல்லுவதற்கு ஆள் வேண்டும். குடும்பநல உத்தியோகத்தர் இல்லாத பிரிவில் பக்கத்துப் பிரிவுக்காரரே இரண்டையும் ஓடிப் பார்க்கவேண்டியிருக்கும்.

வந்த பிள்ளை ஊசி போடாமல் திரும்பிப் போவதும் நடக்கிறது. இங்கேதான் குளிர்ச் சங்கிலி நுழைகிறது. எம்.எம்.ஆர். தூளாக வரும், கரைக்கும் திரவத்தைச் சேர்த்தபின் ஆறு மணித்தியாலத்துக்குள் அல்லது அன்றைய அமர்வு முடியுமுன் பாவித்துவிடவேண்டும். மிச்சத்தை வீசத்தான் வேண்டும். பத்து டோஸ் குப்பியை இரண்டு பிள்ளைகளுக்காக உடைக்கத் தயங்கி, "அடுத்த மாதம் வாங்கோ" என்று சொல்லப்படுவதை நான் கண்டிருக்கிறேன். வெயிலில் பிள்ளையைத் தூக்கி வந்த அம்மம்மா அடுத்த மாதம் வருவதில்லை. ஒரு பிள்ளை வந்தாலும் குப்பியைத் திறக்கவேண்டும் என்பதே முறை. வீசிய எட்டு டோஸை அறிக்கையில் விரயம் என்று எழுதலாம். திரும்பிப்போன பிள்ளைக்கு அறிக்கையில் கட்டமே இல்லை.

குளிர் பற்றியும் ஒரு தவறான எண்ணம் பரவலாக உண்டு, வெப்பம் மட்டுமே எதிரி என்று. மருந்து +2 முதல் +8 பாகை செல்சியஸுக்குள் இருக்கவேண்டும். வெப்பம் பட்டால் குப்பியில் உள்ள அடையாளம் காட்டிக்கொடுக்கும்: வட்டத்துக்குள் இருக்கும் வெளிர்ச் சதுரம் கறுத்து வட்டத்தின் நிறத்தை எட்டினால் அந்தக் குப்பியைப் பாவிக்கக்கூடாது. உறைந்துபோனதை அது காட்டாது. ஐங்கூட்டு, இருகூட்டு ஊசிமருந்துகள் உறைந்தால் வலுவிழக்கும். உறைபெட்டியிலிருந்து எடுத்த ஐஸ் பொதியை உடனே காவியில் வைத்துப் பூநகரிக்கோ கொக்கிளாய்க்கோ புறப்பட்டால் ஓரத்துக் குப்பிகள் உறையக்கூடும். பொதியைக் குலுக்கும்போது உள்ளே தண்ணீர் அசையும் சத்தம் கேட்கும்வரை வெளியில் வைத்திருக்கவேண்டும். சந்தேகமான குப்பியை, அதே தொகுதியில் வேண்டுமென்றே உறையவைத்து உருக்கிய ஒன்றோடு சேர்த்துக் குலுக்கி வைத்துப் பார்ப்பார்கள். இரண்டும் ஒரே வேகத்தில் அடியில் படிந்தால் சந்தேகமான குப்பியும் உறைந்தது என்று முடிவு.

பதிவேடு தொலைந்தவர்களுக்கு ஒன்று. 2009 இல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு மெனிக் பாம் முகாமுக்குள் வந்த தாய்மாரிடம் பிள்ளையைத் தவிர வேறொன்றும் இருக்கவில்லை. அப்போது பின்பற்றப்பட்ட விதி இன்றும் அதுதான்: எழுத்தில் சான்று இல்லையென்றால் போடவில்லை என்று கருதிப் போடவேண்டும். முன்பே போட்டிருந்தாலும் மேலதிக எம்.எம்.ஆர். கெடுதல் செய்யாது. சான்று இருந்து இடையில் நின்றுபோனால் முதலிலிருந்து தொடங்கத் தேவையில்லை, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். 3 வயது தாண்டிவிட்டது என்று கூச்சப்பட்டு வீட்டில் இருப்பவர்களும் உண்டு. 4 வயதானாலும் 7 வயதானாலும் போடலாம். சாதாரணத் தடிமனும் மூக்கொழுகலும் தடையல்ல. பிள்ளையின் சுகாதார விருத்திப் பதிவேட்டில் 3 வயதுக்குரிய வரியைப் பாருங்கள். அங்கே திகதி இல்லையென்றால் உங்கள் பிரிவின் குடும்பநல உத்தியோகத்தரிடமோ சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலோ அடுத்த அமர்வு எப்போது என்று கேட்டால் போதும்.