ஹேண்ட் வார்மர், டோ வார்மர்

ஒருமுறை பயன்படுத்தும் சூட்டுப் பைகள். கையுறைக்குள் வைப்பது ஹேண்ட் வார்மர். காலுறையின் மேல், விரல்பகுதியில் ஒட்டுவது டோ வார்மர்.

இயங்கும் விதம்: பைக்குள் இரும்புத்தூள், உப்பு, நீர், கரித்தூள், நீரைப் பிடித்துவைக்கும் வெர்மிகுலைட் ஆகியவை உள்ளன. வெளியுறையைப் பிரித்ததும் காற்றிலுள்ள ஆக்சிஜன் பட்டு இரும்பு துருப்பிடிக்கிறது. அந்த வினையே வெப்பம் தருகிறது. உப்பு துருவேறுவதை விரைவுபடுத்துகிறது.

காற்று குறைந்த பூட்ஸுக்குள்ளும் வேலை செய்யும்படி டோ வார்மர் தயாரிக்கப்படுகிறது. அதைத் திறந்த வெளியில் வைத்தால் அளவுமீறிச் சுடும். ஹேண்ட் வார்மரைப் பூட்ஸுக்குள் வைத்தால் விரைவில் ஆறிவிடும்.

உயரத்தின் விளைவு: மும்பையின் குர்லா கடல்மட்டத்தை ஒட்டியது, லடாக்கின் லே சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கே காற்றழுத்தம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு. எனவே குர்லாவில் பிரித்துப் பார்த்தபோது நன்றாகச் சுட்ட அதே வகைப் பை, லேயில் மந்தமாகவே சுடும். சூடு போதவில்லையென்றால் பையைச் சற்று நேரம் வெளியே எடுத்துக் காற்றுப் படவிட வேண்டும்.

பாதுகாப்பு: பை நேரடியாகத் தோலில் படக்கூடாது. 44 டிகிரி செல்சியஸ் சூடுகூட ஒரே இடத்தில் பல மணி நேரம் பட்டால் புண்ணாக்கும். ஆகவே அணிந்தபடி உறங்கக்கூடாது. அவ்வப்போது கழற்றித் தோல் சிவந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நீரிழிவால் பாத உணர்வு குறைந்தவர்களும், பனிக்கடியால் விரல் மரத்துப்போனவர்களும் இதைத் தவிர்க்க வேண்டும். சுடுவது அவர்களுக்குத் தெரியாது. பை வைத்ததால் பூட்ஸ் இறுக்கமானால் இரத்த ஓட்டம் தடைப்பட்டு விரல்கள் மேலும் குளிரும்.

மீந்த பையைக் காற்றுப்புகாத உறையில் மூடினால் வினை நின்றுவிடும்; பிறகு எடுத்துப் பயன்படுத்தலாம்.