‘பாட்டி டல்லா இருக்காங்க’ என்றால் டாக்டர் வருவாரா? எஸ்பார் குறிப்பு எழுதிப் பார்ப்போம்

இரவு 10 மணி. வார்டில் ஒரு நோயாளியின் நிலை மோசமாகிறது. டாக்டர் வேறு மாடியில். போனில் உங்களுக்குக் கிடைப்பது ஒரு நிமிடம்தான். என்ன சொல்வீர்கள்?

அதற்கு உதவுவதுதான் எஸ்பார். சூழல், பின்னணி, மதிப்பீடு, பரிந்துரை ஆகிய நான்கின் ஆங்கில முதலெழுத்துகள் சேர்ந்த பெயர் அது. அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களிலிருந்து மருத்துவமனைக்கு வந்த முறை.

தாதிமை மாணவர்களுக்கான பயிற்சிபோல் ஒரு கற்பனை நோயாளியை எடுத்துக்கொள்வோம். வயது 72, எடை 60 கிலோ. சிறுநீர்த் தொற்றுக்காக நேற்று சேர்க்கப்பட்டவர்.

பலர் “நேற்று காய்ச்சலோடு வந்தாங்க...” என்று கதையை முதலிலிருந்து ஆரம்பிப்பார்கள். ஆபத்து என்னவென்று தெரிவதற்குள் கேட்பவரின் கவனம் போய்விடும். சூழலில் ஆபத்தை முதலில் சொல்லுங்கள்:

“டாக்டர், வார்டு 5, பெட் 14. 72 வயதுப் பெண். ரத்த அழுத்தம் 92/54க்கு இறங்கிவிட்டது. புதிதாகக் குழப்பமாகப் பேசுகிறார்.”

பின்னணியைச் சுருக்கமாக வைக்கலாம். முடிவை மாற்றக்கூடிய தகவல் மட்டும் போதும்: “சிறுநீர்த் தொற்று, சிப்ரோஃப்ளாக்சசின் போகிறது. பெனிசிலின் ஒவ்வாமை உண்டு. மாலை 6 மணிக்கு அழுத்தம் 128/74, நாடி 88.” அந்த 6 மணிக் கணக்கை விட்டுவிடாதீர்கள். நான்கு மணி நேரத்தில் எவ்வளவு சரிந்திருக்கிறார் என்பதை அதுதான் காட்டும்.

மதிப்பீடு: “இப்போது நாடி 118, மூச்சு நிமிடத்துக்கு 26, காய்ச்சல் 38.9. நான்கு மணி நேரத்தில் சிறுநீர் 40 மில்லிலிட்டர்தான். செப்சிஸாக இருக்குமோ என்று கவலைப்படுகிறேன்.” 60 கிலோ எடைக்கு மணிக்குச் சுமார் 30 மில்லிலிட்டராவது வர வேண்டும்; அப்படியென்றால் 120. நோயின் பெயர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. “என்னவென்று தெரியவில்லை, ஆனால் மோசமாகிக்கொண்டே போகிறார்” என்பதும் மதிப்பீடுதான்.

பயிற்சியில் அதிகம் சொதப்புவது பரிந்துரையில். “கொஞ்சம் வந்து பார்க்கிறீங்களா டாக்டர்?” என்று கேட்டால் எப்போது என்பது தெரியாது. மூத்தவரிடம் கட்டளையிடுவதுபோல் ஆகிவிடுமோ என்ற தயக்கம் நமக்கு உண்டு. இப்படிக் கேட்கலாம்: “15 நிமிடத்துக்குள் வந்து பாருங்கள். அதற்குள் ரத்தக் கல்ச்சரும் லாக்டேட்டும் எடுக்கட்டுமா? டிரிப் எவ்வளவு போடலாம்? ஆன்டிபயாட்டிக்கை மாற்ற வேண்டுமா?”

பதிலைக் கேட்டதும் திருப்பிச் சொல்லி உறுதிசெய்யுங்கள். போனை வைத்ததும் குறிப்பில் நேரத்தோடு எழுதுங்கள்: “22:06 அழைப்பு. டாக்டர் 22:20க்குள் வருவதாகச் சொன்னார். வராவிட்டால், அல்லது மேல் அழுத்தம் 90க்குக் கீழ் போனால், உடனே அவசர உதவிக் குழு.”