நசுங்கல் இறப்பும் இரும்பூசியின் காலமும்: வெண்பன்றிக் குட்டியின் முதல் மூன்று நாள்கள்

பிறந்த இரண்டொரு நாளில் இறந்த பன்றிக்குட்டிக்கு எதிரே, ‘தாய் படுத்து நசுங்கியது’ என்று பண்ணைப் பதிவேட்டில் எழுதுவது வழக்கம். இது இறப்பு நேர்ந்த விதத்தைச் சொல்கிறதே தவிர, காரணத்தைச் சொல்வதில்லை. பல நசுங்கல்களில் குளிரும் பசியும் தாயின் எடைக்கு முன்பே குட்டியை வீழ்த்திவிடுகின்றன என்பதே இக்கட்டுரையின் வாதம்.

தமிழகத்தின் வெப்பத்தில் குட்டிக்குக் குளிரா என்ற ஐயம் எழலாம். பிறந்த குட்டிக்கு ஏறத்தாழ 34 பாகை செல்சியஸ் வெப்பம் வேண்டும். அதன் உடலில் கொழுப்பு மிகக் குறைவு, மயிரும் மெல்லியது. மழைக்கால இரவில் ஈரமான சிமெண்டுத் தரை அதன் உடற்சூட்டை உறிஞ்சிவிடும். குளிர்ந்த குட்டி மந்தமாகிச் சீம்பாலுக்குப் போட்டியிட முடியாமல் பின்தங்கும். சூடு தேடித் தாயின் மடியோரமே ஒண்டிக்கிடக்கும். தாய் படுக்கும்போது விலகி ஓட அதற்கு வலுவிருக்காது. இறந்த குட்டியின் இரைப்பையை அறுத்துப் பார்த்தால் இது விளங்கும். தயிர்போல் உறைந்த பால் இருந்தால் அது குடித்த குட்டி. வெறுமையாக இருந்தால் பசியில் தளர்ந்திருந்த குட்டி.

ஆகவே தடுப்புக் கம்பி மட்டும் போதாது. தரையிலிருந்தும் சுவரிலிருந்தும் 20 முதல் 25 செ.மீ. தள்ளிப் பதித்த குழாய், தாய் சுவரோரம் சரியும்போது குட்டிக்கு ஒதுங்க இடம் தரும். ஆனால் ஒதுங்கும் தெம்பைத் தருவது சூடும் சீம்பாலும்தான். தாய்க்கு 20 பாகையளவே இதமானது என்பதால் முழுக் கொட்டிலையும் சூடாக்கக் கூடாது. தாய் நுழைய முடியாத மூலையில் உலர்ந்த வைக்கோலும் விளக்கும் வைக்க வேண்டும். அங்கே குட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று குவிந்தால் சூடு போதவில்லை. விளக்கை விட்டு விலகிப் படுத்தால் மிகுதி. தாய் அடிக்கடி எழுந்து படுத்தால் மலச்சிக்கல், காய்ச்சல், மடிவீக்கம் உண்டா என்று பார்க்க வேண்டும். படுக்கும் ஒவ்வொரு முறையும் குட்டிக்கு ஆபத்துதான்.

இரும்பூசியின் கணக்கு வேறு. குட்டி சுமார் 50 மி.கி. இரும்புச் சேமிப்புடன் பிறக்கிறது. நாளொன்றுக்கு 7 மி.கி. தேவை; பாலில் கிடைப்பதோ 1 மி.கி. அளவே. அன்றாடம் 6 மி.கி. குறைந்தால் எட்டொன்பது நாளில் கையிருப்பு தீரும். மண்ணைக் கிளறி வளரும் குட்டி ஓரளவு ஈடுசெய்துகொள்ளும். சிமெண்டுத் தரைக் குட்டிக்கு அந்த வழியில்லை. சோகை பிடித்த குட்டி வெளிறி, மூச்சிரைத்து, வளர்ச்சி குன்றும்.

கையிருப்பு ஒரு வாரம் தாங்குவதால், முதல் நாளே ஊசி போட அவசரமில்லை. சீம்பால் குடிக்க வேண்டிய குட்டியைப் பிடித்து அலைக்கழிப்பதே மிச்சம். மூன்றாம் நாளளவில் போடுவது பொருத்தம். மொத்த அளவு 200 மி.கி. மருந்து மில்லிக்கு 50 மி.கி. என்றால் 4 மில்லி ஆகும். சிறு தசையில் ஒரே இடத்தில் அது மிகுதி. ஆகவே 2 மில்லி மூன்றாம் நாளும், 2 மில்லி பதினான்காம் நாளும் தரலாம். காதுக்குப் பின்னே தோலைச் சற்று இழுத்துப் பிடித்துக் கழுத்துத் தசையில் செலுத்தி, ஊசியை எடுத்தபின் விட்டால் துளை மூடிக்கொள்ளும். இல்லையேல் பழுப்பு நிற மருந்து வெளியே கசியும்.

நசுங்கலின் உண்மைக் காரணத்தைப் பிரித்தறியப் பதிவேடு மாற வேண்டும். ‘நசுங்கல்’ என்ற பதிவின் அருகே இரைப்பையில் பால் இருந்ததா, தரை உலர்ந்திருந்ததா, தாய்க்குக் காய்ச்சல் உண்டா என்ற மூன்று குறிப்புகள் சேர்ந்தால், அடுத்த ஈற்றில் திருத்த வேண்டியது கம்பியா, விளக்கா, தாயின் உடல்நிலையா என்பது தெளிவாகும்.