மூலிகைப் பெயரும் மருந்துச் சரக்கும்: ஜெரேனியம் வாதம் பற்றிய ஒரு மறுபரிசீலனை

உடல் இளைக்கவும் தசை பெருக்கவும் இயற்கைச் சரக்கு என்ற பெயரில் விற்கப்படும் பொடிகளையும் மாத்திரைகளையும் பற்றிய ஆராய்ச்சியில், ஒரு குறிப்பிட்ட வஸ்து ஒரு குறிப்பிட்ட செடியில் உண்மையாகவே இருக்கிறதா இல்லையா என்ற கேள்வியையே முடிவான கேள்வியாக வைத்துக்கொண்டு வாதிடும் ஒரு மரபு பல வருஷங்களாக நிலைபெற்றிருக்கிறது. இருக்கிறது என்றவர்களும் இல்லை என்றவர்களும் பரஸ்பரம் எதிரிகளேயானாலும், செடியில் இருப்பது நிரூபணமானால் சரக்கு இயற்கையானதாகிவிடும் என்ற அனுமானத்தை இரு தரப்பாரும் ஒரே மாதிரி ஏற்றுக்கொண்டிருந்தார்கள். அந்த அனுமானமே தவறானது என்பதும், எச்சரிக்கைக் குறியைத் தேட வேண்டிய இடம் செடியின் ரசாயனப் பட்டியல் அன்று, சரக்கின் அளவுக் கணக்கு என்பதும் இக்கட்டுரையின் நிலைப்பாடு. அதற்கு ஆதாரமாக டி.எம்.ஏ.ஏ. என்று சுருக்கமாக வழங்கும் 1,3-டைமெத்தில்அமைலமீன் பற்றிய விவகாரத்தை எடுத்துக்கொள்கிறேன்.

இந்த வஸ்து எந்தச் செடியிலிருந்தும் உலகத்துக்கு அறிமுகமானதன்று. 1940-களில் அமெரிக்க மருந்துக் கம்பெனியான எலி லில்லி மூக்கடைப்பு நீங்க முகர்ந்து பார்க்கும் மருந்தாக இதைத் தயாரித்தது. 1983-இல் அந்த மருந்தின் அங்கீகாரம் விலக்கிக்கொள்ளப்பட்டது. எபிட்ரின் கலந்த இளைப்புச் சரக்குகள் 2004-இல் அமெரிக்காவில் தடைசெய்யப்பட்ட பிறகு, காலியான அந்த இடத்தை நிரப்ப 2006-ஐ ஒட்டி இது மீண்டும் சந்தைக்கு வந்தது. இம்முறை ஜெரேனியத்தின் பெயரோடு வந்தது. உடற்பயிற்சிக்கு முன் குடிக்கும் ‘ஜாக்ட்’ என்ற பொடியிலும், இளைப்பதற்கு விற்கப்பட்ட ‘ஆக்ஸிஎலீட் புரோ’ என்ற மாத்திரையிலும் இதுவே வேலை செய்தது. வஸ்துவின் பெயர் டப்பாவின் சீட்டில் இருந்தது. அது பழைய மருந்து என்ற செய்திதான் மறைக்கப்பட்டிருந்தது.

ஜெரேனியம் என்ற உரிமைக்கு விற்பனையாளர்கள் காட்டிய மூலப் பிரமாணம் ஒன்றே ஒன்று. 1996-இல் சீனாவின் குய்சோ தொழில்நுட்பக் கழகத்தின் சஞ்சிகையில் வெளியான, ஜெரேனிய எண்ணெயின் உட்பொருள்களைப் பற்றிய நாலு பக்கக் கட்டுரை அது. எண்ணெயில் ஒரு சதவீதத்துக்கும் குறைவான அளவில் இந்த அமீன் இருப்பதாக அதன் அட்டவணையில் ஒரு வரி காணப்படுகிறது. பின்னர் எழுந்த கட்டிடம் முழுவதும் அந்த வரியின் மேல்தான் நின்றது.

அந்த வரியை எப்படிப் படிக்க வேண்டும்? வாயு குரோமட்டோகிராபியால் பிரிக்கப்பட்ட ஒவ்வொரு பொருளையும் நிறை நிறமாலையில் உடைத்து, உடைந்த துண்டுகளின் எடையை நூலகத்திலுள்ள மாதிரிகளோடு ஒப்பிட்டுப் பெயர் சூட்டுவது எண்ணெய் ஆராய்ச்சியின் வழக்கமான முறை. நறுமணப் பொருள்கள் பலவற்றுக்கு இது ஓரளவு பொருத்தமானதே. ஆனால் இந்த அமீன் உடையும்போது அதன் பிரதானத் துண்டு 44 என்ற எடையில் விழுகிறது. அமீன் கூட்டம் இரண்டாவது கரியணுவில் அமைந்த நேர்ச்சங்கிலிப் பொருள்கள் பலவும் அதே 44-இல்தான் உடைகின்றன. எனவே நிறமாலை ஒற்றுமை மட்டும் ஆளை அடையாளம் காட்டப் போதாது. சுத்தமான மாதிரியை அதே கருவியில் ஓட்டி, அது வெளிவரும் நேரமும் பொருந்துகிறதா என்று பார்த்தாக வேண்டும். அந்த ஒப்பீடு செய்யப்படவில்லை என்பதே பிற்காலத்தார் அக்கட்டுரையின் மேல் வைத்த முக்கியமான ஆட்சேபம். அது நியாயமான ஆட்சேபம் என்றே நானும் கருதுகிறேன். பின்னர் பல ஆய்வுக்கூடங்கள் இனம் சரிபார்க்கப்பட்ட செடிகளிலும் எண்ணெய்களிலும் தேடி ஒன்றும் காணவில்லை. வேறு சிலர் சீனாவில் பயிரான சில மாதிரிகளில் மிகச் சொற்பமாகக் கண்டதாக அறிவித்தனர். மண்ணும் பருவமும் மாறினால் செடியின் சத்தும் மாறும் என்ற சமாதானம் இங்கே சொல்லப்படுவதுண்டு; வரப்போகும் கணக்கை அது எவ்விதத்திலும் அசைக்காது.

விவாதத்துக்காக, 1996-ஆம் வருஷக் கட்டுரை சொல்வதை அப்படியே, அதுவும் தாராளமாக ஒரு சதவீதம் என்று உயர்த்தி, ஏற்றுக்கொள்வோம். ஒரு வேளைச் சரக்கில் 40 மில்லிகிராம் இருப்பதாக வைத்துக்கொண்டால், அதைத் தரவே 4 கிராம் ஜெரேனிய எண்ணெய் வேண்டும். ஏறக்குறைய ஒரு தேக்கரண்டி. நூறு கிலோ பச்சைச் செடியைக் காய்ச்சி வடித்தால் கிடைக்கும் எண்ணெய் 100 முதல் 200 கிராம்தான் என்பதால், அந்த ஒரு வேளைக்கு 2 முதல் 4 கிலோ செடி செலவாகும். வாசனைத் தொழில் விலை கொடுத்து வாங்கும் இந்த எண்ணெயை ஒரு மாதத்துக்கான டப்பா ஒன்றுக்குச் சுமார் 120 கிராம் காலி செய்து, அந்த டப்பாவைச் சாதாரண விலைக்கு விற்கும் வியாபாரி உலகத்தில் இல்லை. இனி, கண்டோம் என்றவர்கள் செடியில் அறிவித்த அளவையே எடுத்துக்கொள்வோம். அது மிகச் சாதகமான மாதிரியிலும் ஒரு கிராம் செடிக்கு ஏறத்தாழ அரை மைக்ரோகிராம். அப்போது 40 மில்லிகிராமுக்கு 80 கிலோ செடி வேண்டும்! செடியில் இருக்கிறது என்ற கட்சி முழு வெற்றி பெற்றாலும், டப்பாவில் இருப்பது செடியிலிருந்து வந்தது என்ற கட்சி தோற்றே தீரும். இரண்டும் வெவ்வேறு வழக்குகள் என்பதை மறந்ததுதான் முந்தைய விவாதத்தின் குறை.

அளவு சொன்ன முடிவை ரசாயன அமைப்பும் உறுதிப்படுத்துகிறது. இந்த மூலக்கூறில் இடம் வலம் மாறக்கூடிய மையங்கள் இரண்டு உள்ளமையால், வலக் கையுறை இடக் கைக்குப் பொருந்தாதது போல ஒன்றோடொன்று பொருந்தாத நான்கு வடிவங்கள் அதற்கு உண்டு. உயிருள்ள செடியின் என்சைம்கள் பெரும்பாலும் ஒரு வடிவத்தையே விரும்பி ஆக்குகின்றன. தொழிற்சாலைக் கலத்தில் நான்கும் கலந்தே பிறக்கின்றன. சந்தைச் சரக்குகளைச் சோதித்தபோது அவற்றிலிருந்த வடிவங்களின் விகிதம் தொழிற்சாலை மாதிரியின் விகிதத்தோடு ஒத்திருந்தது. செடியும் சில வேளை கலப்பாக ஆக்கலாமே என்று கேட்கலாம். கேட்பவர் அதே விகிதத்தில் ஆக்கும் ஒரு செடியைக் காட்டட்டும். பல டப்பாக்களின் சீட்டில் வஸ்துவின் பெயருக்குப் பின்னால் ‘ஹைட்ரோகுளோரைடு’ என்ற சொல்லும் இருந்தது. ஆவியாகிப் போகும் அமீனை உலர்ந்த பொடியாக நிறுத்துவதற்காக ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்த்துச் செய்யும் உப்பு அது. மூலிகைச் சாறு என்ற உரிமையின் பக்கத்திலேயே அச்சான அச்சொல்லைப் படிக்க ஆய்வுக்கூடம் தேவையில்லை.

2012-இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் பத்துக் கம்பெனிகளுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. அதே வருஷம் லண்டன் மாரத்தான் ஓட்டத்தில் இறந்த ஓர் இளம் பெண்ணின் மரண விசாரணையில் இவ்வஸ்துவின் பெயர் எழுந்தது. ஜெரேனியத்தின் உட்பொருள் என்ற வாதத்தை 2019-இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றமும் நிராகரித்தது. ஆனால் தீர்ப்புகளைவிட அதே மாத்திரையின் அடுத்த அவதாரமே என் வாதத்துக்குப் பெரிய சாட்சி. 2013-இல் ஆக்ஸிஎலீட் புரோவிலிருந்து டி.எம்.ஏ.ஏ. நீக்கப்பட்டு, ஈஜிலைன் என்ற பொருள் உள்ளே வந்தது. ஈஜிலைன் நம் சிவாலயங்களில் அர்ச்சனைக்குரிய வில்வத்தின் இலையில் உண்மையாகவே இருப்பது. அதில் யாருக்கும் கருத்து வேற்றுமையில்லை. செடியில் இருக்கிறதா என்பதே கேள்வியானால் இந்தச் சரக்கு பரீட்சையில் முதல் வகுப்பில் தேறியிருக்க வேண்டும். நடந்ததோ வேறு. அதே வருஷம் ஹவாயில் கல்லீரல் அழற்சியோடு பலர் மருத்துவமனைக்கு வந்தனர். அவர்களில் பெரும்பான்மையோர் இந்த மாத்திரையை உட்கொண்டவர்கள். சிலருக்குக் கல்லீரல் மாற்றும்படி ஆயிற்று, உயிர்ச்சேதமும் நேர்ந்தது. மாத்திரையில் சேர்ந்த ஈஜிலைன் இலையிலிருந்து இறக்கியதன்று, ரசாயன முறையில் தயாரித்தது. தீங்குக்குக் காரணம் அந்த ஒரு வஸ்துவேதான் என்று உறுதியாய் நிறுவப்படவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் வில்வ இலையையும் பழத்தையும் நாம் தலைமுறை தலைமுறையாக உபயோகித்த அனுபவம், அதிலிருந்து ஒரே ஒரு மூலக்கூறைத் தனியே செய்து தினந்தோறும் மாத்திரையாக விழுங்குவதற்குச் சான்றாகாது என்பதில் சந்தேகத்துக்கு இடமில்லை.

சீட்டில் பெயரே இல்லாத கலப்படத்துக்கும் இந்தக் கணக்கு பயன்படுமா என்பது நியாயமான கேள்வி. 2007 முதல் 2016 வரை அமெரிக்க நிர்வாகம் கலப்படம் என்று அறிவித்த 776 சரக்குகளைப் பற்றிய ஆய்வில், இளைப்புச் சரக்குகளில் ஏறத்தாழ 85 சதவீதத்தில் சிபுட்ராமினும், தசைச் சரக்குகளில் ஏறத்தாழ 89 சதவீதத்தில் செயற்கை ஸ்டெராய்டோ அதைப் போன்ற பொருளோ இருந்தன. மாரடைப்பும் பக்கவாதமும் மிகுவதாகக் கண்டு 2010-இல் மேல்நாடுகளிலும் 2011-இல் இந்தியாவிலும் விலக்கப்பட்ட மருந்து சிபுட்ராமின். இங்கே சீட்டில் கணக்கிட எண் இல்லை. உடம்பிலேதான் கணக்கிட வேண்டும். சீட்டிலோ கொடம்புளியும் பச்சைத் தேயிலையும் போன்ற, பசியின் மேல் பெரிய ஆட்சி செலுத்தாத பண்டங்கள். உட்கொண்டவருக்கோ ஓரிரு நாளில் பசி அடங்கி, வாய் உலர்ந்து, தூக்கம் போய், நெஞ்சு படபடக்கிறது. சொன்ன காரணத்துக்கும் கண்ட காரியத்துக்கும் இடையே உள்ள இந்தப் பொருத்தமின்மை, 40 மில்லிகிராமுக்கும் 80 கிலோவுக்கும் இடையே கண்ட பொருத்தமின்மையேதான். எண்ணுக்குப் பதிலாக நாடித்துடிப்பு பேசுகிறது என்பதே வித்தியாசம். ‘தனியுரிமைக் கலவை’ என்று மொத்த எடையை மட்டும் அச்சிட்டு ஒவ்வொரு சரக்கின் எடையையும் விட்டுவிடும் சீட்டு இந்தக் கணக்கைப் போட முடியாமல் தடுப்பதால், அதுவும் எச்சரிக்கைக் குறிகளில் ஒன்றே.

ஆய்வுக்கூடச் சான்று இருக்க இதெல்லாம் எதற்கு என்பார்க்கு ஒரு வார்த்தை. ஆய்வுக்கூடம் தான் தேடியதையே காணும். சிபுட்ராமினில் ஒரு மெத்தில் கூட்டத்தை நீக்கிய பொருளைக் கலந்தால், மூலப்பொருளை மட்டும் தேடிய சோதனை அதைத் தவறவிடக்கூடும். எனவே இத்துறையில் இனி எழுதுவோர் ஒரு வஸ்து செடியில் உண்டு என்று அறிவிக்கும்போது, ஒரு வேளைச் சரக்குக்கு எத்தனை கிலோ செடி வேண்டும் என்ற எண்ணையும் அதே அட்டவணையில் தர வேண்டும் என்பது என் விண்ணப்பம். குய்சோ கட்டுரையின் அந்த வரிக்குப் பக்கத்தில் அந்த எண்ணும் அச்சாகியிருந்தால், ஜெரேனியத்தின் பெயரைச் சொல்லி அப்பொடியை விற்பது மிகக் கடினமாகியிருக்கும்.