ஹிலியும் மேக்னாவும்: 1971 கிழக்குப் போர்முனையில் இரு போர்முறைகள்

எதிரியின் ஆளையும் ஆயுதத்தையும் நேருக்கு நேர் மோதித் தேய்த்து, அவன் தாங்கமாட்டாத நிலைக்குக் கொண்டுவருவது தேய்ப்புப் போர். அவன் வலுவாக இருக்கும் இடத்தை விட்டு விலகி, அவன் எதிர்பாராத வழியில் முதுகுப்புறம் சென்று, படை முழுதாக இருக்கும்போதே அதைப் பயனற்றதாக்குவது நகர்வுப் போர். தளபதியின் துணிச்சலைப் பொறுத்தே இவற்றில் ஒன்று தேர்வாகிறது என்பது பரவலான எண்ணம். 1971இல் கிழக்கு வங்கத்தில் நடந்ததைப் பார்த்தால் அப்படிச் சொல்ல முடியவில்லை. அங்கே ஒரே டிவிஷன் மூன்று வாரத்துக்குள் இரண்டு முறைகளையும் கையாண்டது.

பாகிஸ்தான் தளபதி நியாஸியின் திட்டம் எல்லையோர நகரங்களைக் கோட்டைகளாக்கிக் காப்பது. வங்கதேச அரசு காலூன்ற ஒரு துண்டு நிலமும் கிடைத்துவிடக் கூடாது என்பது அவர் கவலை. ஜெஸ்ஸூர், பொக்ரா, ரங்பூர், ஜமால்பூர், பைரப் பஜார் என்று படை சிதறியது. இந்தியத் தரப்பிலும் தொடக்கத்தில் இலக்கு தெளிவாக இல்லை. முதல் உத்தரவு சிட்டகாங், குல்னா துறைமுகங்களையே முதன்மையாகச் சொன்னதாகவும், டாக்காவை இலக்காக்கத் தாம் வாதாடியதாகவும் கிழக்குப் பிராந்தியத் தளபதியின் கீழ்த் தலைமைப் பணியதிகாரியாக இருந்த ஜேக்கப் தம் நூலில் எழுதியிருக்கிறார். இதை மறுப்பவர்களும் உண்டு.

வடமேற்கில் எல்லையை ஒட்டிய ரயில் நிலைய ஊர் ஹிலி. அதைப் பிடித்தால் கிழக்கே செல்லும் வழி திறந்து, அப்பகுதியின் இடுப்பை வெட்டிவிடலாம் என்று கணக்கிட்டார்கள். ஆனால் சுற்றிலும் குட்டைகளும் சேற்று வயல்களும் இருந்தன. ரயில் பாதையின் மேட்டிலும் குடிசைகளுக்கு அடியிலும் பாகிஸ்தானின் 4ஆவது பிரான்டியர் போர்ஸ் பதுங்குகுழிகள் அமைத்திருந்தது. நவம்பர் 22 இரவு மோராபாரா என்ற கிராமத்தைத் தாக்கிய 8ஆவது கார்ட்ஸ் பட்டாலியன், அந்தச் சண்டையில் அறுபதுக்கும் மேற்பட்டோரை இழந்தது. ஹிலியோ விழவில்லை. தேய்ப்புப் போர் தவறான இடத்தில் நடக்கிறது என்பதற்கு இதுதான் அடையாளம்: இழப்பு கூடுகிறது, வரைபடத்தில் கோடு நகர்வதில்லை.

அதன் பிறகே ஹிலியைத் தாக்கிய 20ஆவது மலை டிவிஷன் வழியை மாற்றியது. ஹிலிக்கு எதிரே ஒரு பகுதியை நிறுத்திவிட்டு, 340ஆவது பிரிகேடை வடக்கே சர்காய், நவாப்கஞ்ச் வழியாகச் சுற்றி அனுப்பினார்கள். டிசம்பர் 7 அன்று அது பீர்கஞ்சில் ரங்பூர் – பொக்ரா சாலையை மறித்தது. அவ்வழியே காரில் வந்த பாகிஸ்தான் டிவிஷன் தளபதி நஸர் ஹுசைன் ஷா மயிரிழையில் தப்பினார். தம் பின்புறச் சாலையில் இந்தியர்கள் நிற்பது அவருக்கே தெரிந்திருக்கவில்லை. 11ஆம் தேதி ஹிலியைப் பாகிஸ்தான் படை விட்டுப் போனது. எனினும், ஹிலியில் கட்டிப்போட்டது இல்லாமல் இந்தச் சுற்றுவழி இவ்வளவு எளிதாக இருந்திருக்காது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். நகர்வுக்கு எதிரியை ஓரிடத்தில் பிடித்து நிறுத்த ஒரு கை எப்போதும் தேவைப்படுகிறது.

கிழக்கே இந்தியத் தளபதி சகத் சிங் இதை இன்னும் தெளிவாகச் செய்தார். டிசம்பர் 9 அன்று மேக்னா ஆற்றின் ரயில் பாலத்தைத் தகர்த்துவிட்டு, பாகிஸ்தான் பிரிகேட் பைரப் பஜாரில் காத்திருந்தது. பாலத்தை மீட்கவோ பைரபைத் தாக்கவோ அவர் முயலவில்லை. அங்கே காவலுக்குச் சிறு படையை வைத்துவிட்டு, அன்றிரவே மி-4 ஹெலிகாப்டர்களில் துருப்புகளைத் தெற்கே ராய்ப்பூராவுக்கும் பிறகு நர்சிங்டிக்கும் இறக்கத் தொடங்கினார். நீந்தும் பி.டி.-76 டாங்கிகள் அகன்ற ஆற்றில் எஞ்சின் சூடேறித் திணறியபோது நாட்டுப் படகுகள் இழுத்துச் சென்றன. குண்டுகளைச் சுமக்க ஊர்மக்கள் வந்தார்கள். பைரபில் இருந்த பிரிகேட் போர் முடியும்வரை அங்கேயே இருந்தது. அதனால் டாக்காவுக்கு ஒரு பயனும் இல்லை.

இந்தத் தேர்வுக்குக் காரணங்கள் தெளிவானவை. ஐ.நா. பாதுகாப்பு அவையில் போர்நிறுத்தத் தீர்மானம் எந்த நாளும் நிறைவேறலாம் என்ற நிலையில் காலம் குறைவு. டாக்காவின் தேஜ்காவ் ஓடுபாதை முதல் சில நாட்களிலேயே குண்டுவீச்சில் பயனற்றுப்போனதால் வானம் இந்தியாவின் கையில் இருந்தது. வழிகாட்டவும் செய்தி சொல்லவும் முக்தி வாஹினியும் மக்களும் துணை நின்றார்கள். எதிரி தானே சிதறியிருந்தான். இவற்றில் இரண்டு இல்லாமல் போயிருந்தாலும் மேக்னாவைத் தாண்டிய படை உணவும் குண்டும் இன்றி அக்கரையில் அகப்பட்டிருக்கும்.

அதே டிசம்பரில் மேற்கே ஷகர்கர் பகுதியில் இந்திய ராணுவம் கண்ணிவெடி வயல்களைத் துப்புரவு செய்துகொண்டே மெல்ல முன்னேற வேண்டியிருந்தது. ஊர்மக்கள் துணையும் இல்லை, சுற்றிச் செல்ல இடைவெளியும் இல்லை. அங்குள்ள தளபதிகளை மந்தமானவர்கள் என்று எடைபோடுவது நியாயமல்ல. நிலமும் எதிரியின் அமைப்பும் அவர்களுக்கு வேறு வழி தரவில்லை.

ஜேக்கப் தரும் கணக்கின்படி, முடிவு நெருங்கியபோது டாக்காவுக்குள் 26,000க்கும் மேற்பட்ட பாகிஸ்தான் படையினர் இருந்தனர்; நகருக்கு வெளியே இருந்த இந்தியர் ஏறத்தாழ 3,000 பேர். டிசம்பர் 16 அன்று நியாஸி சரணடைந்தார்.