நோயற்ற நிலத்தில் ஒட்டுண்ணியைத் தேடுதல்: யாழ்ப்பாணக் குடாநாட்டில் மலேரியா நோயறிதலும் நுணுக்குக்காட்டி, நிகழ்நேர பி.சி.ஆர் ஆகியவற்றின் இடமும்

இலங்கைக்குள்ளேயே தொற்றிய கடைசி மலேரியா நோயாளி 2012 ஒக்டோபரில் பதிவானார். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் நாட்டை மலேரியா அற்றதாக அறிவித்தது. அதே ஆண்டு முடிவதற்குள் மன்னாரில் அனோபிலிஸ் ஸ்டெபென்சி நுளம்பு கண்டறியப்பட்டது. பின்னர் யாழ்ப்பாணத்துக் கிணறுகளிலும் சீமெந்துத் தொட்டிகளிலும் அதன் குடம்பிகள் கிடைத்தன. சென்னை போன்ற இந்திய நகரங்களில் மலேரியாவைப் பரப்பும் நுளம்பு இதுதான். வீட்டுக்கு வீடு கிணறுள்ள குடாநாட்டில் அதற்கு வாழிடப் பஞ்சமில்லை. பலாலிக்குச் சென்னையிலிருந்து விமானமும் காங்கேசன்துறைக்கு நாகப்பட்டினத்திலிருந்து கப்பலும் வருகின்றன. நுளம்பு இங்கே இருக்கிறது, ஒட்டுண்ணி ஒரு பயணியின் குருதியில் வரக்கூடும். அந்தக் குருதியை எதைக் கொண்டு பரிசோதிப்பது என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

நிகழ்நேர பி.சி.ஆர் உணர்திறன் மிக்கது, ஆகவே நுணுக்குக்காட்டியைக் கைவிடலாம் என்ற கருத்து இப்போது அடிக்கடி கேட்கிறது. கோவிட் காலத்தில் யாழ். பல்கலைக்கழக மருத்துவ பீடத்திலும் போதனா வைத்தியசாலையிலும் பி.சி.ஆர் பரிசோதனைகள் நடந்ததால், கருவியும் கைப்பழக்கமும் குடாநாட்டிலேயே உண்டு என்பது அக்கருத்துக்கு வலுச் சேர்க்கிறது. உணர்திறன் பற்றிய பகுதி சரி. அதிலிருந்து எடுக்கும் முடிவு தவறு என்பதே என் வாதம்.

உணர்திறன் வேறுபாட்டின் பெரும்பகுதி, பரிசோதனைக்குள் எவ்வளவு குருதி போகிறது என்பதில் அடங்கியிருக்கிறது. தடித்த குருதிப் படலத்தில் எண்ணெய் வில்லையின் கீழ் 100 புலங்களைப் பார்ப்பவர் ஏறத்தாழ 0.25 மைக்ரோலீற்றர் குருதியைப் பார்க்கிறார். ஒரு மைக்ரோலீற்றரில் 200 ஒட்டுண்ணிகள் இருந்தால் அவர் கண்ணில் ஐம்பது படவேண்டும், தவறவிட வழியில்லை. 20 இருந்தால் ஐந்து படும், தேர்ந்தவர் கண்டுகொள்வார். 2 மட்டுமே இருந்தால் எதிர்பார்ப்பு அரை ஒட்டுண்ணி. பொய்சான் பரம்பலின்படி அந்த 100 புலங்களில் ஒன்றுகூட இல்லாதிருக்கும் வாய்ப்பு 61 சதவீதம். பார்ப்பவர் எவ்வளவு திறமையானவரானாலும் இல்லாததைக் காண முடியாது. புலங்களை 200 ஆக்கினாலும் தவறும் வாய்ப்பு 37 சதவீதமாகவே குறையும். சாயமூட்டும்போது கழுவுண்டு போகும் ஒட்டுண்ணிகளை இக்கணக்கில் சேர்க்கவில்லை.

இனி பி.சி.ஆர். 200 மைக்ரோலீற்றர் குருதியிலிருந்து டி.என்.ஏ.யைப் பிரித்து 100 மைக்ரோலீற்றர் கரைசலாக்கி, அதில் 5 மைக்ரோலீற்றரைத் தாக்கக் கலவையில் சேர்த்தால், ஒரு குழிக்குள் 10 மைக்ரோலீற்றர் குருதிக்குரிய டி.என்.ஏ. போகிறது. நுணுக்குக்காட்டி பார்த்ததைப்போல் இது நாற்பது மடங்கு. மைக்ரோலீற்றருக்கு 2 ஒட்டுண்ணி என்ற அதே குருதியில் இப்போது 20 ஒட்டுண்ணிகளின் டி.என்.ஏ. கிடைக்கிறது. வழக்கமாகக் குறிவைக்கப்படும் 18எஸ் ரைபோசோம் மரபணு ஒவ்வொரு ஒட்டுண்ணியிலும் பல பிரதிகளாக இருப்பது மேலும் உதவுகிறது. ஆனால் விரல்நுனிக் குருதியை வடிதாளில் உலர்த்தி, 3 மில்லிமீற்றர் வட்டம் ஒன்றை மட்டும் வெட்டிப் பயன்படுத்தினால் உள்ளே போவது சில மைக்ரோலீற்றர் குருதிதான். அப்போது இந்த மேன்மையில் பெரும்பங்கு போய்விடுகிறது. கருவியின் பெயரைச் சொல்லி உணர்திறனை மதிப்பிடுவதைவிட, எடுத்த குருதியின் அளவைக் கேட்பது பொருத்தமானது.

இந்த மேன்மை யாருக்குத் தேவைப்படுகிறது? சென்னையிலிருந்து திரும்பிக் காய்ச்சலோடு வைத்தியசாலைக்கு வருபவரை எண்ணிப் பாருங்கள். குடாநாட்டில் வளர்ந்த இளைஞருக்கு இன்று மலேரியா எதிர்ப்பாற்றல் இல்லை. அப்படிப்பட்டவருக்குக் காய்ச்சல் வரும் வேளையில் ஒட்டுண்ணிகள் பெரும்பாலும் நுணுக்குக்காட்டிக்கு எட்டும் எண்ணிக்கையில் இருக்கும். முதற் படலத்தில் தெரியாவிட்டால் 12 முதல் 24 மணித்தியாலங்களுக்கு ஒருமுறை மீண்டும் படலம் எடுப்பது வழக்கம். ஒவ்வொரு படலத்துக்கும் ஒரு மணித்தியாலத்தில் விடை கிடைக்கிறது. அந்த விடையில் ஒட்டுண்ணியின் இனம், பருவம், எண்ணிக்கை மூன்றும் இருக்கின்றன. பல்சிபாரம் எனில் எண்ணிக்கையே சிகிச்சையின் அவசரத்தை உணர்த்தும். சிகிச்சை தொடங்கியபின் எண்ணிக்கை இறங்குகிறதா என்று பார்க்கவும் படலமே தேவை. கொல்லப்பட்ட ஒட்டுண்ணியின் டி.என்.ஏ. சில நாட்களுக்கும், சிலவேளை சில வாரங்களுக்கும் குருதியில் தங்குவதால், குணமாகிவரும் நோயாளியிடமும் பி.சி.ஆர் நேர்விடை காட்டக்கூடும்.

படலத்துக்கும் தனக்கேயுரிய தொல்லைகள் உண்டு. ஜீம்சாச் சாயத்துக்கு பி.எச் 7.2 உள்ள தாங்கற் கரைசல் வேண்டும். குடாநாட்டின் சுண்ணக்கல் நிலக்கிணற்று நீர் வன்னீர். அதில் நேரடியாகச் சாயத்தைக் கரைத்தால் நிறம் கெடும். வெண்குருதிக் கலங்களின் கரு ஆழ்ந்த ஊதாவாகவும், ஒட்டுண்ணியின் குரோமற்றின் சிவப்பாகவும், குழியவுரு நீலமாகவும் தெரியவேண்டும். கருவே நீலமாய் மங்கிக் கிடந்தால் அந்தப் படலத்துக்கு ‘ஒட்டுண்ணி இல்லை’ என்று எழுதக்கூடாது. திரும்பச் செய்யவேண்டும். குருதிச் சிறுதட்டுகளையும் சாயப் படிவுகளையும் ஒட்டுண்ணி என்று மயங்குவோரும் உண்டு. நேர்விடைப் படலத்தையே காணாமல் ஆண்டுக்கணக்கில் வேலை செய்யும் தொழில்நுட்பவியலாளரிடம் இந்த மயக்கம் கூடும். ஆகவே தெரிந்த நேர்விடைப் படலங்களை அவர்களுக்கு அடிக்கடி கொடுத்துப் பார்க்கச் செய்வதும் நுணுக்குக்காட்டியின் செலவில் ஒரு பகுதி. அது விலைப்பட்டியலில் தெரிவதில்லை.

பி.சி.ஆரின் செலவு வேறு விதமானது. கருவியின் விலையும் பராமரிப்பும் ஒருபுறமிருக்க, ஒரே ஒரு நோயாளியின் மாதிரிக்காக ஓட்டினாலும் நேர்க் கட்டுப்பாடு, எதிர்க் கட்டுப்பாடு, பிரித்தெடுப்புக் கட்டுப்பாடு என மூன்று குழிகள் கூடவே செலவாகும். ஒரு காய்ச்சல்காரருக்கு இது வீண் செலவு. 500 பேரின் மாதிரிகள் சேரும்போது நிலைமை மாறுகிறது. பத்துப் பத்தாகக் கலந்தால் 50 தாக்கங்கள் போதும். கலப்பதால் ஒட்டுண்ணி பத்து மடங்கு ஐதாகி, சமிக்ஞை ஏறத்தாழ 3.3 சுற்றுகள் பிந்தும். மேற்சொன்ன கணக்கில் 20 ஒட்டுண்ணிகள் 2 ஆகும். அதுவும் பெரும்பாலும் அகப்படும்.

இந்தக் கூட்டுத்தேடல் எப்போது வேண்டும் என்பதை 2018 டிசெம்பரில் மொனராகலை மாவட்டம் காட்டியது. இந்தியாவிலிருந்து வந்த தொழிலாளி ஒருவரின் விவாக்ஸ் தொற்று நுளம்பு வழியாக இலங்கையர் ஒருவருக்குப் பரவியது. நாடு மலேரியா அற்றதான பின் நடந்த முதற் பரவல் அது. இத்தகைய வேளையில் அறிகுறியற்ற சக தொழிலாளரிலும் அயலவரிலும் மைக்ரோலீற்றருக்கு இரண்டு மூன்று ஒட்டுண்ணிகளோடு ஒருவர் இருக்கிறாரா என்பதே கேள்வி. அதற்குப் பி.சி.ஆரே ஏற்றது. இனங்காண்பதில் ஐயம் எழும்போதும், ஒட்டுண்ணி உள்ளூரினதா வெளியிலிருந்து வந்ததா என்று மரபணுவால் ஒப்பிடும்போதும் மூலக்கூற்று முறையே வேண்டும்.

ஆனால் எல்லோரையும் பி.சி.ஆரால் சலிப்பது ஆபத்தானது. தனித்தன்மை 99.8 சதவீதம் என்று கொண்டாலும் நோயற்ற 5,000 பேரில் பத்துப் பேருக்குப் பொய்நேர்விடை வரும். உண்மையில் தொற்றுள்ளவர் ஒருவரே என்றால், கிடைக்கும் பதினொரு நேர்விடைகளில் பத்துப் பொய். ஒவ்வொன்றுக்கும் பின்னால் வீடுவீடாகத் தேடலும் நுளம்பு ஒழிப்பும் தொடங்கும். 38ஆம் சுற்றுக்குமேல் எழும் வளைகோடு, இரட்டைக் குழிகளில் ஒன்றில் மட்டும் வரும் சமிக்ஞை, எதிர்க் கட்டுப்பாட்டுக் குழியில் தலைகாட்டும் பெருக்கம் ஆகியவை மாசுபடலின் அடையாளங்களாக இருக்கலாம். அவை தெரிந்தால் குருதியிலிருந்தே மீண்டும் பிரித்தெடுத்து, வேறொரு மரபணுவைக் குறிவைத்துச் சோதித்த பிறகே அறிவிக்கவேண்டும்.

ஆகவே குடாநாட்டுக்கு நான் முன்வைக்கும் ஒழுங்கு இது. காய்ச்சலோடு வரும் பயணியிடம் ஒரே ஊசிக்குத்தில் படலமும் வடிதாட் பொட்டும் எடுக்கவேண்டும். படலத்தை உடனே படிக்கவேண்டும். தாளை உலர்த்தி, சிலிக்கா ஜெல்லோடு மூடி வைக்கவேண்டும். படலம் நேர்விடையானால், அல்லது மீண்டும் மீண்டும் எதிர்விடை வந்தும் காய்ச்சல் விடாவிட்டால், தாள் பி.சி.ஆருக்குப் போகும். நேர்விடை உறுதியானால் தொடர்புள்ளோரிடம் நாளக்குருதி எடுத்துக் கலந்து சோதிக்கவேண்டும். விவாக்ஸ் விடயத்தில் இந்த ஒழுங்கும் போதாது. ஈரலில் உறங்கும் ஒட்டுண்ணி குருதியில் இல்லாததால் இரண்டு முறைகளுக்கும் அது எட்டாது. இந்தியாவிலிருந்து திரும்பியவருக்கு மாதங்கள் கழித்துக் காய்ச்சல் வந்தாலும், முன்பு பி.சி.ஆர் எதிர்விடை தந்திருந்தாலும், புதிய படலம் எடுக்கவேண்டும்.