இணைய வகுப்புக்கு எட்டு நிமிடம். ஹெட்செட் வேலை செய்யவில்லையா?

மாலை 4 மணிக்கு ஸூமில் தமிழ் வாய்மொழிப் பயிற்சி. 3.52க்கு உயர்நிலை இரண்டில் படிக்கும் மாணவி ஆசிரியருக்கு, “ஹெட்செட் வேலை செய்யல சார்” என்று செய்தி அனுப்புகிறார். “என்ன ஆச்சு?” என்று ஆசிரியர் பதில் கேட்டால், கேள்வியும் பதிலுமாகவே நேரம் போய்விடும். முன்கூட்டியே எழுதிவைத்த ஒரு செய்தி வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் இருந்தால், மாணவியே வரிசையாகச் செய்துபார்க்கலாம்.

அந்தச் செய்தி கைப்பேசித் திரையில் ஒரே பார்வையில் அடங்க வேண்டும். ஒரு வரியில் ஒரு வேலைதான் இருக்க வேண்டும். எப்போது முயற்சியை நிறுத்த வேண்டும் என்ற நேரமும் அதில் இருக்க வேண்டும். விண்டோஸ் மடிக்கணினியில் ஸூம் பயன்படுத்தும் மாணவருக்கு இப்படி எழுதலாம்:

1. ஹெட்செட்டில் ‘மியூட்’ பொத்தான் இருந்தால், அது அணைந்திருக்கிறதா என்று பாருங்கள்.
2. கம்பி ஹெட்செட் என்றால் கழற்றி, இறுதிவரை அழுத்திச் செருகுங்கள். புளூடூத் என்றால் முதலில் கைப்பேசியின் புளூடூத்தை அணையுங்கள். பிறகு மடிக்கணினியோடு இணையுங்கள்.
3. ஸூமில் மைக் படத்தின் பக்கத்தில் உள்ள சிறு அம்புக்குறியை அழுத்துங்கள். Select a Microphone, Select a Speaker இரண்டின்கீழும் ஹெட்செட்டின் பெயரையே தேர்ந்தெடுங்கள்.
4. அதே பட்டியலில் Test Speaker & Microphone அழுத்திச் சோதியுங்கள்.
5. 3.58 ஆகிவிட்டதா? ஹெட்செட்டை விட்டுவிடுங்கள். மடிக்கணினியின் சொந்த மைக், ஒலிபெருக்கியோடு வகுப்புக்கு வாருங்கள்.

இந்த வரிசைக்குக் காரணம் உண்டு. முதலிரண்டு படிகளுக்குச் சில விநாடிகளே ஆகும். பல நேரங்களில் சிக்கல் அங்கேயே தீர்ந்துவிடும். குறிப்பாக, புளூடூத் ஹெட்செட் கடைசியாக இணைந்திருந்த கைப்பேசியோடு தானாகவே மீண்டும் இணைந்துகொள்வது உண்டு. மாணவி பேருந்தில் பாட்டுக் கேட்டுவிட்டு வீடு திரும்பியிருந்தால், ஹெட்செட் பழுதாகியிருக்காது. பையில் இருக்கும் கைப்பேசியோடு இணைந்திருக்கும்.

மூன்றாம் படி, காது கேட்கிறது ஆனால் குரல் போகவில்லை என்ற சிக்கலுக்கானது. ஸூமில் மைக்கையும் ஒலிபெருக்கியையும் தனித்தனியாகத் தேர்ந்தெடுக்கலாம் என்பதால், ஒலி ஹெட்செட்டில் வந்தாலும் மைக் மட்டும் வேறு கருவியில் இருக்கக்கூடும். நான்காம் படியில் முதலில் ஒரு மணியோசை கேட்க வேண்டும். பிறகு பேசி நிறுத்தினால், பேசியது திரும்ப ஒலிக்க வேண்டும். மணியோசை கேட்டு, குரல் திரும்பி வராவிட்டால் சிக்கல் மைக்கில்தான்.

வீட்டில் மேசைக்கணினி பயன்படுத்துவோர் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். கைப்பேசிக்கான ஒற்றைச் செருகி இயர்போனை, மைக்கிற்கு இளஞ்சிவப்பு, ஒலிக்குப் பச்சை எனத் தனித்தனித் துளைகள் உள்ள கணினியின் பச்சைத் துளையில் செருகினால், ஒலி கேட்கும். மைக் வேலை செய்யாது. இரண்டு கிளைகளாகப் பிரியும் இணைப்புக் கம்பி தேவைப்படும். யுஎஸ்பி ஹெட்செட்டில் இந்தத் தொல்லை இல்லை.

கணினியை அணைத்து மீண்டும் போடுவதையும் மென்பொருளைப் புதுப்பிப்பதையும் செய்தியில் சேர்க்கக்கூடாது. காத்திருக்கும் விண்டோஸ் புதுப்பிப்பு அந்த நேரத்தில் தொடங்கிவிட்டால், ஹெட்செட்டோடு வகுப்பும் போய்விடும். உள்ளே கம்பி அறுந்த ஹெட்செட்டையோ மின்கலம் தீர்ந்ததையோ எட்டு நிமிடத்தில் சரிசெய்ய முடியாது. அதனால்தான் ஐந்தாம் படியில் நேரம் குறிக்கப்படுகிறது.

அடுக்குமாடி வீட்டின் ஒரே அறையில் தம்பிக்கும் வகுப்பு நடந்தால், ஒலிபெருக்கி இருவருக்கும் இடைஞ்சலாகும். அப்போது மாணவி கைப்பேசியில் ஸூமைத் திறந்து, இயர்போனோடு வேறு இடத்தில் உட்காரலாம். ஆசிரியர் காட்டும் காணொளியைப் பெரிய திரையில் பார்க்க மடிக்கணினியும் வேண்டுமென்றால், அதன் மைக்கையும் ஒலியையும் முழுமையாக அணைத்துவிட வேண்டும். இரண்டு கருவிகளிலும் ஒலி திறந்திருந்தால், ஒன்றின் ஒலியை மற்றொன்று பிடித்து, வகுப்பு முழுவதற்கும் கூச்சலாகக் கேட்கும்.

மேலே சொன்ன மாணவியின் சூழலில் 3.53க்கு முதல் படி, 3.54க்குக் கைப்பேசியின் புளூடூத் அணைப்பு, 3.56க்குச் சோதனை என முடிந்துவிடும். சோதனையில் குரல் திரும்பி வந்தால், குழுவில் ‘சரி’ என்று ஒரு சொல் போதும். வராவிட்டால் ‘5’ என்று எண்ணை மட்டும் அனுப்பலாம். மாணவி ஹெட்செட் இல்லாமல் வருகிறார் என்பது ஆசிரியருக்குப் புரிந்துவிடும். அவர் வாய்மொழிப் பயிற்சியை வேறொரு மாணவரிடம் தொடங்கி, அவருக்குச் சில நிமிடம் கொடுக்கலாம்.